பெருநாளன்று வேலைக்கு வந்தோம், ஒற்றைக் கூலிதான் தந்தார்கள்: வழக்கறிஞர் பதில்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் ஆறு வருஷமாகச் சதை எடுக்கும் வேலை பார்க்கிறேன். தினக்கூலி 480 ரூபாய், வாரச் சம்பளம். ஜனவரியில் டைம் ஆபீஸ் சுவரில் விடுமுறை நோட்டீஸ் ஒட்டினார்கள். மொத்தம் ஒன்பது நாள். அடியில் மூன்று விதி: "பண்டிகை நாளில் வேலை செய்தால் காம்ப் ஆஃப் மட்டும் தரப்படும். அதை ஒரு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். அழைத்தும் வராதவர்களுக்கு இரண்டு நாள் கூலியும் வருகை ஊக்கத்தொகையும் பிடிக்கப்படும்." ரம்ஜானுக்கு வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது. வியாழன் சாயங்காலம் பிறை தெரியவில்லை, பெருநாள் சனி என்றாகிவிட்டது. வெள்ளி வழக்கம்போல வேலை நடந்தது. அன்று ராத்திரி எட்டரை மணிக்கு, "நாளை லோடு வருகிறது, எல்லாரும் வரவும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். பயந்துகொண்டு நான் போனேன், 480 ரூபாய் தந்தார்கள். அடுத்த வாரம் நண்டு வரத்து இல்லாமல் கம்பெனி மூடிய ஒரு நாளைக் காட்டி, "அதுதான் உன் காம்ப் ஆஃப்" என்கிறார்கள். அந்த நாளுக்குக் கூலி கிடையாது. என் நாத்தனார் அன்று போகவில்லை. அந்த நாள் கூலி இல்லை, மேலும் இரண்டு நாள் கூலியும் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் பிடித்துவிட்டார்கள். பண்டிகையில் வேலை செய்தால் மூன்று மடங்கு என்கிறார்களே, உண்மையா? ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு கலெக்டர் லீவு விட்டாலும் இங்கே தருவதில்லை. முந்தைய மேனேஜர் இருந்தபோது மூன்று வருஷம் கூலியோடு விட்டார். இந்த முறை எல்லாரும் சேர்ந்து அன்று வராமல் இருந்துவிடலாமா என்று பேசுகிறோம். எங்களில் பாதிப் பேர் காண்ட்ராக்டர் ஆட்கள். எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நோட்டீஸைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குக் கிடைத்திருக்கும் நல்ல சாட்சி அதுதான். அதன் மேல்பாதி சட்டப்படி சரியாக இருக்கிறது. கீழே சேர்த்த மூன்று விதிகள்தான் நிற்காது.

உங்கள் கம்பெனிக்குப் பொருந்துவது 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்பதை முதலாளி தன் விருப்பப்படி எழுதிவிட முடியாது. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கம்பெனி ஒரு பட்டியல் தயாரித்து அனுப்புகிறது, அதுவே நிலைத்துவிடுகிறது. உங்களைக் கேட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஒன்பது நாளும் கூலியோடு கூடிய விடுமுறை. தினக்கூலிக்காரர்கள் பலர், "வேலைக்கு வந்தால்தானே கூலி, பொங்கலுக்கு வீட்டில் இருந்தால் யார் தருவார்கள்" என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள் போல. பொங்கல் அன்று உங்களுக்கு 480 வந்ததா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாரச் சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வந்திருக்காவிட்டால் அதையும் கேட்கலாம்.

விடுமுறை தேதிக்கா, பண்டிகைக்கா?

கம்பெனி சொல்லப்போகும் முதல் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "பட்டியலில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சனிக்கிழமை சாதாரண வேலை நாள்." கேட்க நியாயம்போலத் தெரியும். ஆனால் சட்டம் விடுமுறை தருவது பண்டிகைக்கு. பிறையைப் பொறுத்து வரும் பெருநாளுக்குப் பட்டியலில் போடும் தேதி ஓர் உத்தேசம்தான், இந்தக் கடற்கரையில் தொழில் நடத்துகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான விஷயம், வெள்ளிக்கிழமை கம்பெனி திறந்திருந்தது, நீங்கள் வேலையும் பார்த்தீர்கள். வெள்ளிதான் விடுமுறை என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அந்த வெள்ளிக்கிழமை வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டியிருக்கும். விடுமுறை சனி என்றால் சனிக்குத் தர வேண்டும். இரண்டு நாளுமே சாதாரண நாள் என்று சொல்ல வழியில்லை. உங்கள் வழக்கின் பலமே இதுதான். மனுவில் இதை முதல் பத்தியாகவே எழுதுங்கள்.

அடுத்தது அழைத்த விதம். பண்டிகை நாளில் வேலைக்கு அழைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நண்டு கெட்டுப்போகிற சரக்கு. நாட்டுப்படகுக்காரர் வலையை எடுத்துவிட்டால் பெருநாள், திருநாள் பார்த்துக்கொண்டு அது காத்திருக்காது என்று கம்பெனி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. விடுமுறைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, வேலைக்கு வர வேண்டும் என்று தொழிலாளிக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதன் நகலை ஆய்வாளருக்கும் அனுப்ப வேண்டும், கம்பெனியிலும் ஒட்ட வேண்டும்.

சனிக்கிழமை விடுமுறை வெள்ளி நள்ளிரவில் தொடங்குகிறது. வெள்ளி இரவு எட்டரைக்கு வந்த செய்திக்கும் அதற்கும் நடுவே மூன்றரை மணி நேரம்தான். வாட்ஸ்அப்பில் வந்தது எழுத்து ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்கே போக வேண்டாம், நேரக் கணக்கிலேயே அது தோற்றுவிடுகிறது. "பிறைப் பெருநாள் ஆயிற்றே, முன்கூட்டி எப்படித் தெரியும்" என்பார்கள். வியாழன் மாலை பிறை தெரியாதபோதே முப்பது நோன்பு பூர்த்தியாகிச் சனிதான் பெருநாள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒழுங்காக நடக்கும் நிறுவனங்கள் இதற்காகவே வாரத் தொடக்கத்திலேயே, "பெருநாள் எந்தக் கிழமையில் வந்தாலும் கீழ்க்கண்டவர்கள் வேலைக்கு வர வேண்டும்" என்று பெயர்ப் பட்டியலோடு அறிவிப்புக் கொடுத்துவிடும். லோடு எந்த நாளில் வரும் என்பது கம்பெனிக்கு ஏஜென்ட் மூலம் ஓரளவு முன்பே தெரியும்.

உங்கள் நாத்தனார் விஷயம் இங்கேதான் தெளிவாகிறது. முறையான அறிவிப்பு இல்லாதபோது விடுமுறை விடுமுறையாகவே நிற்கிறது. அன்று அவர் வராதது ஆப்சென்ட் ஆகாது. ஆகவே அன்றைய கூலி 480 அவருக்கு வர வேண்டும். பிடித்த இரண்டு நாள் கூலி 960-ஐத் திருப்பித் தர வேண்டும். ஆப்சென்ட் என்று காட்டி வெட்டிய ஊக்கத்தொகை 1,000-ஐயும் கேட்கலாம். கூட்டினால் 2,440 ரூபாய். ஊக்கத்தொகைக்குக் கம்பெனி தனி நிபந்தனை ஏதும் எழுதி வைத்திருந்தால் அந்த ஆயிரத்தில் மட்டும் வாதம் வரலாம். மீதி 1,440-இல் எனக்குச் சந்தேகமில்லை.

ஒருவேளை அறிவிப்பு முறைப்படி வந்திருந்து, அதன் பிறகும் அவர் வராமல் இருந்திருந்தால் நிலைமை வேறு. அன்றைய கூலியை அவர் இழந்திருக்கலாம். அப்போதும் ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் கூலி பிடிக்க முடியாது. எவ்வளவு நேரம் வரவில்லையோ அந்த அளவுக்குத்தான் பிடிக்கலாம் என்பது கூலிச் சட்டத்தின் அடிப்படை விதி. நோட்டீஸில் எழுதி ஒட்டிவிட்டதால் சட்டத்துக்கு மீறிய அபராதம் செல்லுபடியாகிவிடாது.

இரட்டைக் கூலியா, மாற்று நாளா: முடிவு யாருடையது?

மூன்று மடங்கு என்று உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். பண்டிகை விடுமுறையில் வேலை பார்த்தவருக்குச் சட்டம் இரண்டு வழி தருகிறது. ஒன்று, அன்றைக்கு இரட்டைக் கூலி. மற்றொன்று, அன்றைக்கு ஒற்றைக் கூலியும் வேறொரு நாளில் கூலியோடு மாற்று விடுமுறையும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் மதிப்பு ஒன்றுதான். முதல் வழியில் 960 ரூபாய் ஒரே நாளில் வருகிறது. இரண்டாவதில் 480 அன்றும், வீட்டில் இருக்கும் மாற்று நாளில் 480-உம் வருகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு விடுமுறை நாளின் கூலி சம்பளத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், வேலை பார்த்தால் மேற்கொண்டு ஒரு நாள் கூலி கிடைக்கும். உங்கள் சூப்பர்வைசர், "எனக்கே ஒரு நாள்தான் கூடத் தருகிறார்கள்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

இந்த இரண்டில் எதை எடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை வேலை பார்த்தவருக்கே. சட்டத்தின் வாசகம் இதில் வெளிப்படையாக இருக்கிறது. "காம்ப் ஆஃப் மட்டும்" என்று நோட்டீஸில் போட்டது உங்கள் கையில் இருக்கும் முடிவைக் கம்பெனி எடுத்துக்கொண்ட காரியம், அது நிற்காது. ஒரு மாதத்தில் போய்விடும் என்ற விதிக்கும் இதே கதிதான். மாற்று நாளைக் கேட்டும் அவர்கள் தராமல் இழுத்தடித்தால், உழைத்த நாளின் மதிப்பு காற்றில் கரைந்துவிடாது, பணமாகக் கேட்கலாம்.

இந்தக் கடற்கரைக் கம்பெனிகளில் நான் அடிக்கடி பார்ப்பது உங்களுக்கு நடந்த அந்த இன்னொன்று. காற்றடித்துப் படகு போகாத நாள், வரத்து இல்லாமல் ஷெட்டைப் பூட்டிய நாள், இவற்றையெல்லாம் பின்தேதியிட்டு மாற்று விடுமுறையாகப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். மாற்று நாள் என்றால் அன்று கூலி உண்டு, அது நீங்கள் கேட்டு வாங்கியதாகவும் இருக்க வேண்டும். கூலியும் இல்லாமல், அது மாற்று நாள் என்று முன்னால் தெரியாமலும் வீட்டில் உட்கார்ந்திருந்த நாளை அப்படிக் கணக்கில் வைக்க முடியாது. ஆகவே உங்களுக்கு இன்னும் 480 ரூபாய் பாக்கி இருக்கிறது. அந்த வாரச் சீட்டில் மூடிய நாளுக்கு எதிரே கூலி காலியாக இருந்தால், அந்த ஒரு சீட்டே போதும். விடுமுறைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் எந்த நாளுக்கு என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் போடாதீர்கள்.

சந்தனக்கூடு அன்று வராமல் இருந்துவிடலாமா?

இதில் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கோ உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கோ மாவட்ட ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் உரியது. அதை ஈடு செய்ய அவர்களுக்குப் பின்னால் ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிவிடும். ஒன்பது நாள் பட்டியலில் இல்லாத வரை தனியார் தொழிற்சாலையை அந்த உத்தரவு கட்டுப்படுத்தாது. அரசு ஆண்டுதோறும் வெளியிடும் நீண்ட பொது விடுமுறைப் பட்டியலும் அப்படித்தான், முழுவதும் உங்களுக்கு வந்துவிடாது. வாக்குப்பதிவு நாள் மட்டும் தனி, அது கூலியோடு கூடிய விடுமுறை.

எல்லாரும் சேர்ந்து சொல்லாமல் நின்றுவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் அதற்கான நிபந்தனை இருக்கும் பட்சத்தில் எட்டு நாள் கூலி வரை பிடிக்கக் கூலிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரம்ஜான் விஷயத்தில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கும்போது, சந்தனக்கூடு அன்று நீங்களே போய்க் கம்பெனியின் கையில் ஆயுதம் கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக, முந்தைய மேனேஜர் காலத்தில் மூன்று வருஷம் கூலியோடு விட்டதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கத்தாலோ ஒப்பந்தத்தாலோ ஏற்கெனவே கிடைத்துவரும் கூடுதல் சலுகையை இந்தச் சட்டம் பறிப்பதில்லை. மூன்று ஆண்டு நடந்தது வழக்கம் ஆகிவிட்டதா என்பதில் இரண்டு பக்கமும் வாதாடலாம், நிச்சயம் வெல்லும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் அந்த மூன்று வருடச் சம்பளச் சீட்டையோ பழைய நோட்டீஸையோ இணைத்து, பத்து நாள் முன்னதாக எழுதிக் கேட்டால் பேச்சுக்கு இடம் பிறக்கும். கூலியோடு தர மறுத்தால், அன்று வேலை பார்க்காமல் வேறொரு வார விடுமுறையில் ஈடு செய்கிறோம் என்றும் கேட்டுப் பாருங்கள். லோடு இல்லாத நாளாக இருந்தால் பல நிர்வாகங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும். வரும் ஆண்டுப் பட்டியலில் ஐந்தில் ஒன்றாகச் சந்தனக்கூட்டைச் சேர்க்க வேண்டுமானால், நவம்பர் மாதமே ஆய்வாளருக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை விட வேண்டும். கிறிஸ்துமஸையா, தமிழ்ப் புத்தாண்டையா என்று சண்டை வந்தால் கம்பெனிக்குத்தான் கொண்டாட்டம்.

இப்போது எழுத வேண்டியது

வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். குரூப்பிலிருந்து விலகிவிடாதீர்கள், உங்களை நீக்கினால் பழைய செய்தியை அழித்துவிடாதீர்கள். பிறகு நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். சட்டப் பிரிவு எண்ணெல்லாம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"ரம்ஜான் பண்டிகையன்று நாங்கள் வேலை செய்தோம். அதற்கு இரட்டைக் கூலி பெற விரும்புகிறோம், மாற்று விடுமுறை வேண்டாம். ஏற்கெனவே பெற்ற 480 ரூபாய் போக மீதி 480 ரூபாயை அடுத்த வாரச் சம்பளத்தோடு தரக் கேட்டுக்கொள்கிறோம். கம்பெனி மூடியிருந்த நாளை நாங்கள் மாற்று விடுமுறையாகக் கேட்கவில்லை, அன்று எங்களுக்குக் கூலியும் தரப்படவில்லை."

அன்று வராதவர்கள் தனிக் கடிதமாகத் தங்கள் கணக்கை எழுதட்டும். இரண்டு வகையையும் ஒரே மனுவில் கலந்தால் கணக்குக் குழம்பும், ஒருவருக்குச் சொல்லும் பதிலை மற்றவருக்கும் சேர்த்துச் சொல்லித் தட்டிவிடுவார்கள். கடிதத்தில் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து போட்டால் ஒருவரை மட்டும் குறிவைத்து நிறுத்துவது கடினம். நகலில் டைம் ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் ஆய்வாளருக்கு மனு. உங்கள் கம்பெனி தொழிற்சாலையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடமும், இல்லையென்றால் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அமலாக்க அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். எது என்று தெரியாவிட்டால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள், தவறில்லை. மனுவில் ஒரு கேள்வியைச் சேர்க்க மறக்காதீர்கள்: "மேற்படி சனிக்கிழமை எங்களை வேலைக்கு அழைத்த அறிவிப்பின் நகல் தங்கள் அலுவலகத்துக்கு வந்ததா?" வந்திருக்காது. அந்த ஒரு பதில் எழுத்தில் கிடைத்துவிட்டால், நாத்தனாரின் 1,440 ரூபாய்க்கு வேறு சாட்சி தேவைப்படாது.

காண்ட்ராக்டர் ஆட்களாக இருக்கும் உங்கள் தோழிகளும் இதே கடிதத்தை எழுதலாம். விடுமுறைச் சட்டம் வேலை பார்ப்பவரைப் பார்க்கிறது, அவர் யார் பெயர்ப் பட்டியலில் இருக்கிறார் என்பதால் ஒன்பது நாள் குறைந்துவிடாது. அவர்கள் கடிதத்தைக் காண்ட்ராக்டர் பெயருக்கு எழுதி, ஒரு நகலைக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். காண்ட்ராக்டர் கூலி தராமல் கைவிரித்தால், தர வேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு வந்துவிடும். அந்தக் காண்ட்ராக்டர் யார், எந்த ஊர், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் விசாரித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். சீசன் முடிந்ததும் ஆளைக் காணவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அவருடைய முழுப் பெயர்கூடத் தெரிவதில்லை.